தொலைந்த பாஸ்புக், செக் புக்: வங்கிக்குக் கடிதம் எழுதும் முறை

2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. நாகலூரிலிருந்து என் பெரியம்மா ஏற்காடு பஸ்ஸில் கீழே இறங்கி வந்தார். காபி பறிக்கும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வங்கியில் பணம் எடுக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கோரிமேடு கடந்து, அஸ்தம்பட்டியில் இறங்கியபோது கையில் குடை இருந்தது, மஞ்சள் பை இல்லை. பைக்குள் பாஸ்புக்கும் செக் புக்கும் இருந்தன. நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நேராக என் வீட்டுக்கு வந்து, "ஒரு லெட்டர் எழுதிக் கொடு தம்பி, புதுசு வாங்கிக்கலாம்" என்றார்.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாஸ்புக் வேறு, செக் புக் வேறு

பாஸ்புக் தொலைந்தால் பணம் உடனே போய்விடாது. அதைக் காட்டி மட்டும் யாரும் பணம் எடுக்க முடியாது. கையெழுத்தும் கணினியில் உள்ள கையெழுத்தும் ஒத்துப்போக வேண்டும். அதில் பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் இருப்பதால், "உங்கள் பாஸ்புக் கிடைத்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்யக்கூடும். அதற்கு மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும்.

செக் புக் அப்படியல்ல. வெற்றுத் தாளில் கையெழுத்தைப் போலியாகப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே கையெழுத்திட்ட தாள் உள்ளே இருந்தால் போலி செய்யக்கூடத் தேவையில்லை. பெரியம்மாவிடம் நான் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "எதிலாவது கையெழுத்து போட்டு வைத்திருந்தீர்களா?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுல. 'செல்ஃப்'னு எழுதி, கையெழுத்தும் போட்டு வைச்சேன். தொகை மட்டும் எழுதலை" என்றார். கவுண்டரில் நின்று எழுதக் கண் தெரிவதில்லை என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். 'செல்ஃப்' காசோலையைக் கவுண்டரில் நீட்டினால் ரொக்கம் கிடைக்கும். கொண்டு வருபவர் யார் என்று கேட்கும் கிளைகள் உண்டு, கேட்காதவையும் உண்டு.

எனவே கடிதத்துக்கு முன் 'ஸ்டாப் பேமென்ட்', அதாவது குறிப்பிட்ட காசோலைகளுக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்வது. இதில் நாள் கணக்குப் பார்க்க நேரமில்லை. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு முறையே மாறிவிட்டது. பகல் நேரத்தில் மற்ற வங்கிகளில் போடப்படும் காசோலைகளின் படங்கள் தொடர்ச்சியாக நம் வங்கிக்கு வந்துகொண்டே இருக்கும். அன்று மாலை 7 மணிக்குள் நம் வங்கி 'சரி' அல்லது 'இல்லை' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே கொள்ளப்படும். முன்பு மறுநாள் வரை அவகாசம் இருந்தது. இப்போது காலையில் தொலைந்த காசோலை மாலைக்குள் பணமாகிவிடலாம். பணம் போன பிறகு வரும் ஸ்டாப் பேமென்ட் எதையும் திருப்பித் தராது.

எந்த எண்களை நிறுத்துவது

இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. பெரியம்மா போனை எடுத்து, "புக் முழுசையும் நிறுத்தச் சொல்லிடறேன்" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன்.

வெளியே யாரிடமாவது நாம் கொடுத்து, இன்னும் வங்கிக்கு வராத காசோலை இருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். வாங்கியவர் அதை வங்கியில் போடும்போது 'கொடுத்தவர் பணம் தர வேண்டாம் என்றார்' என்ற காரணத்தோடு திரும்பும். செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் காசோலைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டாப் பேமென்ட் காரணமாகத் திரும்பினாலும் அந்தப் பிரிவில் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லிவிட்டது. கணக்கில் பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணமும் இருந்தது என்று நாம் நிரூபித்துத் தப்பிக்கலாம்தான். ஆனால் அதை நோட்டீஸ் வாங்கி, வக்கீல் வைத்து, நீதிமன்றத்தில் போய் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். செக் புக் தொலைந்துவிட்டதால் அதன் முன்பக்கக் குறிப்புச் சீட்டும் போய்விட்டது. ஆனால் புத்தகம் அனுப்பியபோது வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ். போனில் இருந்தது: 415261 முதல் 415280 வரை, இருபது தாள். பணம் கழிந்த எஸ்.எம்.எஸ்.களில் காசோலை எண்களும் இருந்தன. எஸ்.எம்.எஸ். அழிந்திருந்தால் கிளையில் கேட்கலாம். எந்த எண் பணமானது, எது இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அவர்கள் திரையில் தெரியும். ஆனால் வராத தாள் நம்மிடம் இருந்ததா, வேறொருவர் பையில் இருக்கிறதா என்பது திரைக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. 415261, 262, 263, 264, 266, 267 ஆகிய ஆறும் பணமாகிவிட்டன. 415265 எங்கே என்று அரை மணி நேரம் தேடினோம். அது காப்பீட்டு விண்ணப்பத்தோடு 'ரத்து' என்று குறுக்கே எழுதிக் கொடுத்த தாள். வங்கிக் கணக்கில் அது எப்போதுமே 'வராதது' என்றுதான் இருக்கும். 415268, நவம்பர் 8 தேதியிட்டு செவ்வாய்ப்பேட்டை உரக்கடைக்கு ₹18,500க்குக் கொடுத்தது. கடைக்காரர் இன்னும் போடவில்லை. 415269தான் அந்தக் கையெழுத்திட்ட 'செல்ஃப்'. 415270 முதல் 415280 வரை வெற்றுத் தாள்கள். ஆறும் ஒன்றும் ஒன்றும் பன்னிரண்டும் சேர்ந்து இருபது. இந்தக் கூட்டல் புத்தகத்தின் மொத்தத் தாள்களோடு ஒத்துப்போகும்வரை கடிதத்தில் கை வைக்காதீர்கள். ஒரு தாள் குறைந்தால், மறந்துபோன யாரோ ஒருவரிடம் உங்கள் காசோலை இருக்கிறது என்று பொருள். கடன் கொடுத்த நிறுவனத்திடம் பின்தேதியிட்டுக் கொடுத்தவை பெரும்பாலும் இப்படித்தான் மறந்துபோகும்.

நிறுத்த வேண்டியது 415269 முதல் 415280 வரை, பன்னிரண்டு. 268ஐத் தொடக் கூடாது.

கணக்கு சரியாக வரும்வரை கையெழுத்திட்ட தாளைக் காக்க வைக்கவும் கூடாது. எண் தெரிந்த உடனேயே 269ஐ மட்டும் போனில் முதலில் நிறுத்தினோம், மற்றவற்றைப் பிறகு சேர்த்தோம். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். அங்கே போலி எண்கள் நிறைய. ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணே பாதுகாப்பு. வங்கியில் பதிவு செய்த கைப்பேசியிலிருந்து அழைக்க வேண்டும். பேசி முடித்ததும் ஒரு குறிப்பு எண் தருவார்கள். அதையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியாயிற்று என்று எஸ்.எம்.எஸ். வந்தால் அதில் தொடக்க எண்ணும் இறுதி எண்ணும் சரியா என்று பாருங்கள். எங்களுக்கு 11.20க்கு வந்தது. அதன் பிறகுதான் பெரியம்மா காபி குடித்தார்.

கிளையில் என்ன கேட்பார்கள்

அன்று மதியமே கிளைக்குப் போனோம். ஆதார் அட்டை நாகலூர் வீட்டில் இருந்ததால் அன்று வேலை முடியவில்லை. ஆனால் போய்க் கேட்டது வீண் போகவில்லை. ஒவ்வொரு வங்கியும் கேட்பது கொஞ்சம் வேறுபடும். சிலர் கடிதம் மட்டும் போதும் என்பார்கள், சிலர் தங்கள் படிவத்தையும் நிரப்பச் சொல்வார்கள், சிலர் ஈட்டுறுதிப் பத்திரம் கேட்பார்கள். கேட்காமல் முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

பாஸ்புக் மட்டும் தொலைந்திருந்தால் காவல் நிலையம் பக்கமே போக வேண்டியிருக்காது. இங்கே கையெழுத்திட்ட தாள் ஒன்று போயிருந்ததால் கிளை மேலாளர் காவல் நிலைய மனு ரசீது கேட்டார். நிலையத்தில் ஒரு மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். எண்ணோடு ரசீது தருவார்கள். அந்த மனுவிலும் காசோலை எண்களை எழுதுங்கள். திருட்டு என்று உறுதியாகத் தெரியாதபோது 'திருடப்பட்டது' என்று எழுதாமல் 'பயணத்தில் தொலைந்தது' என்றே எழுதுங்கள். வங்கிக் கடிதத்திலும் அதே சொல் இருக்க வேண்டும். இரண்டிலும் கதை வேறாக இருந்தால் பிறகு கேள்வி வரும்.

கடிதம்

தமிழிலேயே எழுதலாம். நீளமாக எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். 'என் கவனக்குறைவால் நேர்ந்த இந்தத் தவறைப் பொறுத்து' என்று தொடங்கும் கடிதங்களைப் பணியில் இருந்த காலம் முழுவதும் வாசித்திருக்கிறேன். அவற்றில் பாதியில் கணக்கு எண் இருக்காது. கணக்கு எண் நினைவில் இல்லாதவர்கள் பழைய கணக்கு அறிக்கையில் பார்க்கலாம், அல்லது ஆதாரைக் காட்டிக் கிளையில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்காக எழுதியதை, பெயரும் எண்களும் நீக்கித் தருகிறேன்.

அனுப்புநர்:
(பெயர், கணக்கில் உள்ளபடி)
(முகவரி), நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்
கைப்பேசி: (வங்கியில் பதிவு செய்த எண்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர், கிளை), சேலம்

நாள்: 12.11.2025

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் (……) – தொலைந்த காசோலைகளுக்குப் பணம் தருவதை நிறுத்தவும், நகல் பாஸ்புக், புதிய காசோலைப் புத்தகம் வழங்கவும் வேண்டுதல்.

ஐயா / அம்மையீர்,

1. தங்கள் கிளையில் மேற்கண்ட கணக்கை வைத்திருக்கிறேன். 11.11.2025 அன்று காலை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் வந்தபோது என் பாஸ்புக்கும் காசோலைப் புத்தகமும் இருந்த பை தொலைந்துவிட்டது.

2. காசோலை எண்கள் 415269 முதல் 415280 வரை (12 தாள்கள்) தொலைந்தவை. இவற்றில் 415269இல் 'செல்ஃப்' என்று எழுதி, தொகை எழுதாமல் கையெழுத்திட்டிருந்தேன். மற்ற 11 தாள்களும் எழுதப்படாதவை. இந்த 12 எண்களுக்கும் பணம் தர வேண்டாம் என்று 11.11.2025 அன்று தொலைபேசியில் தெரிவித்துள்ளேன் (குறிப்பு எண்: ……, நேரம்: காலை 11.20). அதை இக்கடிதத்தின் மூலம் உறுதி செய்கிறேன்.

3. காசோலை எண் 415268 (நாள் 08.11.2025, ₹18,500) நான் முறையாக வழங்கியது. அதை நிறுத்த வேண்டாம். வரும்போது பணம் வழங்கவும்.

4. தொலைந்த புத்தகத்தில் உள்ள, புதிய காசோலைப் புத்தகம் கேட்கும் சீட்டைக் கொண்டு யார் வந்தாலும் புத்தகம் வழங்க வேண்டாம்.

5. தொலைந்த பாஸ்புக்குக்குப் பதிலாக நகல் பாஸ்புக் வழங்கவும், 01.04.2025 முதல் இன்று வரையிலான கணக்கு அறிக்கை தரவும் வேண்டுகிறேன்.

6. 20 தாள்கள் கொண்ட புதிய காசோலைப் புத்தகம் ஒன்று வேண்டும். அதைக் கிளையில் நேரில் பெற்றுக்கொள்கிறேன்.

7. இவற்றுக்கான கட்டணங்களை என் கணக்கில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

இணைப்பு: ஆதார் நகல், காவல் நிலைய மனு ரசீது நகல் (சி.எஸ்.ஆர். எண்: ……)

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)

ஏன் இப்படி எழுதினேன்

மூன்றாம் பத்தியைப் பலர் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் கவுண்டரில் இருப்பவர், பாதுகாப்புக்காக என்று நினைத்து, வராத தாள்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையாக நிறுத்திவிடுவார். அவர் திரையில் 268ம் 269ம் ஒன்று போலத்தான் தெரியும். 'தொலைந்தவை' எவை என்று சொல்வது பாதிதான். 'தொலையாதவை' எவை என்றும் சொல்ல வேண்டும்.

நான்காம் பத்தி என் பணி அனுபவத்தில் வந்தது. செக் புக்குக்குள் அடுத்த புத்தகம் கேட்கும் சீட்டு ஒன்று இருக்கும். தாள்களை நிறுத்திவிட்டு இந்தச் சீட்டை மறந்துவிடுகிறோம். பை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் சீட்டும் இருக்கிறது. அதை நிரப்பிப் போலிக் கையெழுத்திட்டு, புத்தம் புதிய, நிறுத்தப்படாத புத்தகத்தையே ஒருவர் கேட்கலாம். ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஐந்தாம் பத்தியில் கணக்கு அறிக்கை கேட்டதற்குக் காரணம், நகல் பாஸ்புக் பெரும்பாலும் நடப்பு இருப்பிலிருந்துதான் தொடங்கும். பழைய வரவு செலவெல்லாம் அதில் வராது. காபி, மிளகு விற்ற பணம் எப்போது வந்தது என்று பிறகு தேட நேர்ந்தால் அறிக்கைதான் கை கொடுக்கும். அறிக்கை வந்ததும் காசோலை வரிகளை நம் வெள்ளைத் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஆறாம் பத்தியில் 'நேரில் பெற்றுக்கொள்கிறேன்' என்றது மலைக்காக. இப்போது பல வங்கிகளில் பெயர் அச்சிட்ட காசோலைப் புத்தகம் வேறு ஊரில் தயாராகித் தபாலில் வருகிறது. பதிவில் உள்ள முகவரி பழையதாக இருந்தாலோ, தபால்காரர் வரும்போது ஆள் தோட்டத்தில் இருந்தாலோ புத்தகம் திரும்பிப் போய்விடும். உங்கள் வங்கி நேரில் தராது என்றால், கடிதம் கொடுக்கும் அன்றே பதிவில் உள்ள முகவரியையும் கைப்பேசி எண்ணையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கையெழுத்து கணக்குத் தொடங்கியபோது போட்டது போலவே இருக்க வேண்டும். இந்தக் கடிதம் பெரும்பாலும் திரும்புவது இதனால்தான். பெரியம்மா முன்பு முதலெழுத்தோடு தமிழில் போட்டிருந்தார். இப்போது முதலெழுத்தை விட்டுவிடுகிறார். முதலில் ஒரு வெற்றுத் தாளில் நான்கு முறை போடவைத்தேன். முதுமையில் கையெழுத்து மாறிவிட்டிருந்தால், அதைத் திருத்திப் பதிவு செய்யவும் அன்றே கேட்டுவிடுங்கள். இருவர் சேர்ந்து இயக்கும் கூட்டுக் கணக்கென்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். 'இருவரில் ஒருவர்' என்ற ஏற்பாடானால் ஒருவர் போதும்.

கடிதத்தை இரண்டு படிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் கிளை முத்திரையும் தேதியும் நேரமும் கையெழுத்தும் வாங்குங்கள். நேரம் முக்கியம். நிறுத்தச் சொன்ன பிறகு பணம் போயிருந்தால் அது வங்கியின் பிழை என்று காட்ட இந்தப் படிதான் சான்று. 'பிறகு வாருங்கள், போட்டுத் தருகிறோம்' என்றால், கொஞ்சம் நின்று வாங்கிக்கொண்டே வாருங்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்.

பிறகு நடந்தவை

கடிதம் கொடுத்த அன்றே நகல் பாஸ்புக் கிடைத்தது. பெயர், கணக்கு எண், இருப்பு, வாரிசு நியமனம் பதிவாகியிருப்பதற்கான குறிப்பு ஆகியவற்றைக் கவுண்டரிலேயே பார்த்துக்கொண்டோம். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். சரக்கு சேவை வரி 18% அதன் மேல் சேரும். ஸ்டாப் பேமென்ட்டுக்குத் தாளுக்கு ஒரு கட்டணம், வரிசையாக நிறுத்தினால் ஒரு உச்சவரம்பு என்று பல வங்கிகளில் இருக்கும். அதனால் தொடர் எண்களைத் தனித்தனியாக எழுதாமல் 'முதல் – வரை' என்று ஒரே கோரிக்கையாக எழுதுவது நல்லது.

உரக்கடைக்காரர் வியாழக்கிழமை 268ஐப் போட்டார், பணமும் போயிற்று. பெரியம்மா அவருக்கு முன்னமே போன் செய்து, செக் புக் தொலைந்த கதையைச் சொல்லி, "உங்க செக் நிக்காதுங்க, தைரியமா போடுங்க" என்று சொல்லிவைத்திருந்தார்.

பத்து நாள் கழித்து மஞ்சள் பை கிடைத்தது. பஸ்ஸின் இருக்கைக்கு அடியில் சிக்கியிருந்ததாம். பன்னிரண்டு தாள்களும் அப்படியே, சீட்டும் அப்படியே. "நல்ல புக்கு, வீணாப் போகணுமா? இதையே எழுதிக்கலாமா?" என்று கேட்டார். எழுதினால் அது திரும்பும். ஸ்டாப் பேமென்ட் நாம் எழுத்தில் நீக்கச் சொல்லும்வரை அப்படியே நிற்கும். தன் காசோலையைத் தானே திரும்பவைத்து 138ஆம் பிரிவில் போய் விழுவதாக முடியும். ஒவ்வொரு தாளையும் கீழே அச்செண்கள் இருக்கும் பட்டை துண்டாகும்படி குறுக்கே வெட்டினோம். கையெழுத்து இருந்த 269ஐ மட்டும் நாலு துண்டாக வெட்டினார். சீட்டையும் பழைய பாஸ்புக்கையும் சேர்த்து, 'கிடைத்துவிட்டன, ஒப்படைக்கிறேன். நிறுத்தல் தொடரட்டும்' என்று இரண்டு வரிக் கடிதத்தோடு கிளையில் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கிக்கொண்டார்.